பழைய எழுத்துருக் கோப்புகளைச் செம்மை செய்யும் பணிக்கு ஒரு சொல்

செல்வி:
அன்புடையீர், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் பணியைக் கட்டணத்துக்குச் செய்து வருகிறேன். விலைப்பட்டியலில் ‘எழுத்துரு மாற்றம்’ என்று எழுதினால், பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலைக்கா இவ்வளவு என்று கேட்கிறார்கள். மாற்றிய பிறகு வரிவரியாகப் பார்த்துத் திருத்துவதில்தான் நேரமெல்லாம் போகிறது. அந்தத் திருத்தத்துக்குக் ‘குறிச்செம்மை’ என்ற சொல் பொருந்துமா?

முருகேசன்:
எல்லாரும் அறிந்த ‘எழுத்துரு மாற்றம்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு? மாற்றிக் கருவியில் இட்டு, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் NFC வடிவுக்கு ஒழுங்குபடுத்திவிட்டால், கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும் ‘கொ’ சரியாகித் தேடலிலும் கிடைத்துவிடுமே.

அரங்கநாதன்:
‘கொ’வைப் பொறுத்தவரை அது சரி, ஔகாரத்துக்கு உதவாது. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் `s` என்ற ஒரே விசைதான். ‘வெளி’ என்பது கோப்பில் `ntsp` என்று இருக்கும். மாற்றி முதல் மூன்றையும் சேர்த்து ‘வௌ’ என்று கொண்டுவிட்டால், மிஞ்சிய இகரக் குறி அதன்பின் ஒட்டி ‘வௌியீடு’ என்றாகிறது. கண்ணுக்கு ஏறக்குறைய அதேபோல் தெரிந்தாலும், ‘வெளியீடு’ என்று தேடினால் அகப்படாது. இதைத் தேடிப் பிடிக்க ஒரு வரித் தேடல் வடிவம் போதும்:

```
\u0BCC[\u0BBE-\u0BCD]
```

ஔகாரக் குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் பிழை உறுதி. ஆனால் ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிட்டால் குறி வரிசையில் குற்றம் எதுவும் இராது. சொல்லை அறிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே கருவி செய்வதை ‘ஒருங்குறியாக்கம்’ என்றும், ஆள் செய்வதைக் ‘குறிச்செம்மை’ என்றும் பட்டியலில் இரண்டு வரியாகப் பிரிப்பதே நேர்மையானது.

பாத்திமா:
என் தந்தையாரின் ஆய்வேட்டை மாற்றியபோது ஆங்கிலச் சொற்களும் தமிழாகிவிட்டன. `mark` இருந்த இடமெல்லாம் ‘அயசம’ என்று நிற்கிறது. இதையும் குறிச்செம்மையில் சேர்ப்பீர்களா?

அரங்கநாதன்:
இல்லை, அம்மா. வெற்று உரையாக நகலெடுத்தபோது எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விட்டது. மூல வேர்ட் கோப்புக்குத் திரும்பி, பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். அது ஒருங்குறியாக்கத்தைச் செய்த விதத்தில் நேர்ந்த குறை. அதற்குத் தனிக்கட்டணம் கேட்கக் கூடாது.

முருகேசன்:
அப்படியானால் இரண்டு வரியை ஒப்புக்கொள்கிறேன். ‘கெளரவம்’ போன்றவற்றுக்கு, ளகரத்தை அடுத்து மெய் வந்தால் ஔகாரமாக்கு என்று ஒரு விதி எழுதினால் ஆள்வேலை குறையுமே.

செல்வி:
கட்டுரைகளுக்கு அது பெரும்பாலும் சரிவரும், ஐயா. இப்போது என்னிடம் இருப்பவை வட்டார வழக்குச் சிறுகதைகள். ‘கிழவி’யைக் ‘கெளவி’ என்றே ஆசிரியர் எழுதியிருக்கிறார். பற்றிக்கொண்டு என்ற பொருளில் ‘கௌவி’யும் அதே தொகுப்பில் வருகிறது. கோப்பில் இரண்டும் `nfstp` தான். உங்கள் விதி கிழவிகளையெல்லாம் ‘கௌவி’ ஆக்கிவிடும். இதைத் தீர்ப்பது குறிச்செம்மையா, மெய்ப்புத் திருத்தமா?

முருகேசன்:
பொருள் பார்த்து முடிவெடுப்பது மெய்ப்பாளர் வேலை. அதைப் பதிப்பகத்திடம் விட்டுவிடலாம்.

அரங்கநாதன்:
நான் உடன்படவில்லை. ஆசிரியர் எழுதியதில் பிழை இல்லை. குறியேற்றம் மாறும்போது எழுந்த ஐயம் இது. மெய்ப்பாளரிடம் போகும் படியில் பழைய விசைகள் இராது என்பதால், அங்கே ஐயம் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த இடங்களைக் குறித்தாவது கொடுக்க வேண்டும்.