ஐந்து ஆண்டில் போட்ட முதல் திரும்பாத இயந்திரம்: தேர்வறை அனுபவங்கள்

காவேரி: சென்ற தேர்வின் மூலதன முதலீட்டுக் கணக்கு இன்னும் மனத்தில் உறுத்துகிறது. இயந்திரத்தின் விலை 5,00,000 ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, ஆண்டுதோறும் பண வரவு 1,25,000, தள்ளுபடி வீதம் 10%. போட்ட முதல் திரும்பிவர ஆகும் காலம், அதாவது சாதாரண பேபேக், சரியாக 4 ஆண்டு. நிறுவனத்தின் வரம்பும் 4 ஆண்டு என்பதால் திட்டம் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் வரவையும் தள்ளுபடி செய்து, அதாவது இன்றைய மதிப்புக்குக் குறைத்து, கூட்டியபோது ஐந்தாம் ஆண்டு முடிவிலும் 4,73,875 மட்டுமே வந்தது. 26,125 குறைவதால், ஆயுளுக்குள் முதல் மீளவில்லை என்று எழுதினேன். வெளியே வந்ததும் தோழி 5.37 ஆண்டு என்றாள். ஆறாம் ஆண்டில் அந்த இயந்திரமே இல்லையே!

செந்தில்: நீங்கள் எழுதியதே சரி. சாதாரண பேபேக்கின் குறை, நான்காம் ஆண்டின் ரூபாயையும் இன்றைய ரூபாயையும் ஒன்றாக எண்ணுவதுதான். தள்ளுபடி முறை அதைத் தீர்த்துவிடுவதால், அதில் முதல் மீண்டால் திட்டத்தைத் தயங்காமல் ஏற்கலாம்.

மீனாட்சிசுந்தரம்: செந்தில் சொல்வது பாதிதான் சரி. முதல் மீண்ட பிறகு வருவதை இரு முறைகளுமே பார்ப்பதில்லை. வகுப்பில் நான் கொடுத்த கல்குவாரிக் கணக்கில் முதலீடு 10,00,000, இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டு வரவு 6,00,000, மூன்றாம் ஆண்டில் நிலத்தைச் சீரமைக்க 80,000 செலவு. அதே 10 சதவீதத்தில் 1.92 ஆண்டிலேயே முதல் மீண்டுவிடுகிறது. வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டையும், சீரமைப்புச் செலவின் இன்றைய மதிப்பான 60,080-ஐயும் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு 19,080 ரூபாய் குறைவில் முடிகிறது. ஒரு மாணவர் 1.92 என்று எழுதி அடிக்கோடிட்டு, மூன்றாம் ஆண்டின் வரியைத் தொடாமலே தாளை நீட்டியது இன்றும் என் கண்முன் நிற்கிறது. பின்னால் பெரிய செலவு இல்லாத திட்டங்களுக்கு மட்டுமே செந்திலின் விதி பொருந்தும். அங்கும், பிந்திய ஆண்டுகளில் நிறைய ஈட்டும் திட்டம் சீக்கிரம் மீளும் சிறிய திட்டத்திடம் தோற்றுவிடக்கூடும்.

ராஜேந்திரன்: நான் நூற்பாலையில் கணக்கர். எங்கள் முதலாளி வங்கித் தவணை முடிவதற்குள் பணம் திரும்புமா என்று மட்டுமே கேட்பார். அதற்குச் சாதாரண பேபேக் போதும். தேர்வு எழுதுவோருக்கு ஒன்று சொல்கிறேன். வினாவில் வரிக்குப் பிந்தைய இலாபம் தந்திருந்தால் தேய்மானத்தைக் கூட்டிய பிறகே பண வரவாகக் கொள்ளுங்கள். இயந்திரத்துக்குக் கழிவு மதிப்பு இருந்தால் அதைக் கடைசி ஆண்டின் வரவில் சேருங்கள். கூட்டுத்தொகைக்குத் தனிப் பத்தி போடுங்கள், எந்த ஆண்டில் முதல் மீள்கிறது என்பது உடனே தெரியும்.

காவேரி: ஐயா, எங்கள் வினாவில் தந்திருந்தது பண வரவுதான்; கழிவு மதிப்பும் இல்லை. மீனாட்சிசுந்தரம் ஐயாவிடம் ஒரு கேள்வி: வரவு ஆண்டு முடிவில்தான் வருகிறது என்று கொண்டு தள்ளுபடி செய்துவிட்டு, 1.92 என்று ஆண்டின் நடுவில் முதல் மீள்வதாக எழுதுவது எப்படிப் பொருந்தும்? விடை 2 ஆண்டு என்றல்லவா இருக்க வேண்டும்?

மீனாட்சிசுந்தரம்: கறாராகப் பார்த்தால் 2 ஆண்டுதான். ஆயினும் பின்னத்தை எதிர்பார்த்தே பலர் திருத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் வரவு சீராக வருவதாகக் கொண்டதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அதற்குத் தனி மதிப்பெண் உண்டா என்பது திருத்துபவரைப் பொறுத்தது.