கலைச்சொல்: டெசர்ஷன், ராணுவச் சட்டத்தில்

மீனாட்சி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் 38ஆம் பிரிவு டெசர்ஷன், அடுத்த 39ஆம் பிரிவு விடுப்பில்லாமல் வராமல் இருப்பது. நம் நாளிதழ்கள் இரண்டுக்கும் ‘ராணுவத்தை விட்டு ஓட்டம்’ என்றே எழுதிவிடுகின்றன. சட்ட நூலில் அப்படி எழுத முடியாது. முதல் குற்றத்துக்கு ‘படையோட்டம்’ என்று வைத்திருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டா?

பாஸ்கரன் எழுதியது:

ஓட்டமா நடையா என்பது இங்கே கேள்வியே இல்லை. 30 நாள்தான் கணக்கு. அதற்குள் திரும்பி வந்தால் வராமை, 30 நாள் தாண்டினால் டெசர்ஷன். அதனால் ‘நெடுநாள் வராமை’ போதும். எளிமையாக இருக்கும்.

கலைவாணி எழுதியது:

இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே! குடும்ப நல நீதிமன்றத்தில் நாங்கள் ‘கைவிட்டுச் செல்லல்’ என்றுதான் எழுதுகிறோம். ஆனால் 30 நாள் அல்ல, இரண்டு ஆண்டு. அதுவும் போதாது. சேர்ந்து வாழவே கூடாது என்ற எண்ணத்தோடு பிரிந்து போனதாக மெய்ப்பிக்க வேண்டும். கணவர் துபாயில் வேலை பார்த்தால் அது கைவிடல் ஆகாது.

மீனாட்சி எழுதியது:

கலைவாணி, நான் கேட்டது திருமணச் சட்டம் பற்றி அல்ல :) ஆனாலும் அந்தக் கடைசி இரண்டு வரி உதவும் போலிருக்கிறது. தங்கராஜ் ஐயா, நீங்கள் ராணுவச் சட்டப் பிரிவில் இருந்தவர். 30 நாள் கணக்கு சரிதானா?

தங்கராஜ் எழுதியது:

பாதி சரி. ஒருவர் 30 நாள் வரவில்லையென்றால் 106ஆம் பிரிவின்படி ஒரு விசாரணைக் குழு உட்காரும். ஆள் எப்போதிருந்து இல்லை, அவரிடம் கொடுத்த அரசுப் பொருள்களில் என்னென்ன குறைகிறது என்று பதிவு செய்யும். அதற்குப் பிறகும் அவர் சரணடையவோ பிடிபடவோ இல்லையென்றால் அவரை டெசர்ட்டராகக் ‘கருதலாம்’. கருதலாம், அவ்வளவுதான். குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை.

ஆள் கிடைத்து ராணுவ நீதிமன்றமான கோர்ட் மார்ஷலில் நிறுத்தும்போது வழக்கு புதிதாகத் தொடங்குகிறது. திரும்பி வரவே கூடாது என்ற எண்ணத்தோடு போனாரா, அல்லது போர்முனைக்குப் போகும் உத்தரவு மாதிரி ஒரு குறிப்பிட்ட கடமையிலிருந்து தப்பப் போனாரா என்பதைக் காட்ட வேண்டும். 1986இல் கேப்டன் வீரேந்திர குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டு குற்றங்களையும் பிரித்துத்தான் பார்த்தது. எண்ணத்தை யாரும் நேரே பார்க்க முடியாது. அதனால் மன்றம் சுற்றியுள்ளதைப் பார்க்கும். சீருடையையும் அடையாள அட்டையையும் என்ன செய்தார்? வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்தாரா? தானாக வந்தாரா, பிடித்து வந்தார்களா? போகும்போது யூனிட்டுக்கு இடம்பெயரும் உத்தரவு வந்திருந்ததா?

எண்ணம் நிரூபணமாகவில்லை என்றால் அதே வழக்கில் 39இன் கீழ் மட்டும் குற்றவாளி என்று சொல்லலாம். அதற்கு 139ஆம் பிரிவு இடம் தருகிறது. வித்தியாசம் சின்னதல்ல. 39க்கு அதிகபட்சம் 3 ஆண்டு. 38க்கு 7 ஆண்டு, களப்பணியில் இருக்கும்போது என்றால் மரண தண்டனை வரை போகலாம்.

ஆகவே ‘நெடுநாள்’ வேண்டாம். ஒரே இரவில் டெசர்ஷன் நடக்கலாம்.

முருகன் எழுதியது:

எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரியில் இருப்பார்கள். என் தம்பி லீவில் வந்தபோது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். நாட்டு மருந்து, பத்தியம் என்று ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. யூனிட்டுக்கு யாரும் முறையாகத் தெரிவிக்கவில்லை. ஒருநாள் லோக்கல் போலீஸ் தாளோடு வாசலில் நிற்கிறது. தெருவே பார்த்தது. அவன் தானாகவே கிளம்பிப் போய்ச் சேர்ந்தான். கமாண்டிங் ஆபீசரே நீதிபதியாக உட்கார்ந்து கொஞ்ச நாள் சிறை கொடுத்தார், வேலை தப்பியது. ஆனால் ஊரில் இன்னும் ‘ஓடிவந்தவன்’ என்றுதான் பேர். அதனால் ஓட்டம் என்ற சொல்லே வேண்டாம் என்பேன். அவன் எங்கே ஓடினான்? கட்டிலில் கிடந்தான்.

தங்கராஜ் எழுதியது:

முருகன், உங்கள் தம்பிக்கு நடந்தது சம்மரி கோர்ட் மார்ஷல். அதில் தீர்ப்பு சொல்வது கமாண்டிங் ஆபீசர் ஒருவர் மட்டுமே. இன்னும் இருவர் கூட உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. லெப்டினன்ட் கர்னலாக இருந்தாலும் ஓராண்டுக்கு மேல் சிறை தர முடியாது. ஜெனரல் கோர்ட் மார்ஷல் வேறு. அதில் குறைந்தது ஐந்து அதிகாரிகள். கருத்து கேட்கும்போது இளையவரிடமிருந்து தொடங்குவார்கள், மூத்தவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் மறுக்கத் தயங்குவார்கள் என்பதற்காக. லீவில் நோய் வந்தால் பக்கத்து ராணுவ மருத்துவமனையில் போய்ப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் மாட்டுகிறார்கள்.

ஓட்டம் பொருந்தாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி அமெரிக்கப் படையின் எடி ஸ்லோவிக். 1944 அக்டோபரில் போர்முனையில், தான் மறுபடி இங்கிருந்து போனால் அது டெசர்ஷனா என்று தன் கம்பெனி அதிகாரியிடமே கேட்டார். ஆம் என்றார் அவர். ஸ்லோவிக் நடந்து போனார். மறுநாளே சொந்தப் படையினரிடம் வந்து ஒரு தாளை நீட்டினார்: நான் விட்டுப்போனேன், திரும்ப அனுப்பினால் மறுபடியும் போவேன். தாளைக் கிழித்துவிடு, வழக்கை விட்டுவிடுகிறோம் என்று மேலதிகாரிகள் சொல்லியும் கேட்கவில்லை. சிறைதான் கிடைக்கும், உயிர் தப்பும் என்று நினைத்திருக்க வேண்டும். நவம்பர் 11 அன்று ஒன்பது அதிகாரிகள் விசாரித்து ஒருமனதாக மரண தண்டனை விதித்தார்கள். டிசம்பரில் ஜெர்மானியர்கள் பெருந்தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் தலைமைத் தளபதி ஐசனோவர் அதை உறுதி செய்தார். 1945 ஜனவரி 31 அன்று சுட்டார்கள். அந்தப் போரில் டெசர்ஷனுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட அமெரிக்க வீரர்கள் 49 பேர், நிறைவேறியது இவர் ஒருவருக்குத்தான். அந்த முறை அவர் வராமல் இருந்தது ஓர் இரவு. எண்ணத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாஸ்கரன் எழுதியது:

சரி, 30 நாளை விட்டுவிடுகிறேன். ஆனால் பயந்து போனார் என்றால் அது கோழைத்தனம் இல்லையா? ஏன் இரண்டு தனித்தனிக் குற்றம்?

தங்கராஜ் எழுதியது:

கோழைத்தனத்துக்கு எதிரி முன்னால் இருக்க வேண்டும், ஆள் எங்கும் போயிருக்க வேண்டியதில்லை. 1916இல் பிரிட்டிஷ் வீரர் ஹாரி ஃபார் முன்வரிசைக்குப் போக மறுத்தார். குண்டு அதிர்ச்சியால் முன்பே மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர். விசாரணையில் அவருக்காக வாதாட யாரும் இல்லை. கோழைத்தனம் என்று சுட்டார்கள். 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவரோடு சேர்த்து 306 பேருக்கு மன்னிப்பு வழங்கியது, ஆனால் பழைய தீர்ப்பை ரத்து செய்யவில்லை. இன்றைக்கு ஒரு மருத்துவர் சொல்வது அன்றைக்கு மன்றத்தின் காதில் விழவில்லை. இதுபற்றி எனக்குக் கோபம் உண்டு, இங்கே வேண்டாம்.

மீனாட்சி எழுதியது:

அப்படியானால் படையோட்டத்தை எடுத்துவிடுகிறேன். ‘படைத்துறப்பு’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், ஏதோ காவி கட்டிக்கொண்டு போனமாதிரி இருக்கிறது. ‘படைநீங்கல்’ என்றால் ஓய்வு பெற்றவரும் அதில் வந்துவிடுவார். கலைவாணியின் சொல்லையே எடுத்து 38க்கு ‘படை கைவிடல்’, 39க்கு ‘விடுப்பிலா வராமை’ என்று எழுதப் பார்க்கிறேன். கைவிடலில் எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது.

பாஸ்கரன் எழுதியது:

ஆளைக் குறிக்க என்ன செய்வீர்கள்? ‘படை கைவிட்டவர்’ என்றால் படை அவரைக் கைவிட்டதா, அவர் படையையா?

தங்கராஜ் எழுதியது:

அது நியாயமான கேள்வி. பாரக்கில் இந்திக்காரர்கள் ‘பகோடா’ என்பார்கள், திருவல்லிக்கேணி டீக்கடையில் கிடைப்பது அல்ல. அதுவும் ஓடுபவன் என்ற பொருள்தான்.

மீனாட்சி எழுதியது:

ஆளுக்கு ‘படையைக் கைவிட்டவர்’ என்று ஐயைப் போட்டே எழுதுகிறேன், நீளமானாலும் பரவாயில்லை. 106இல் வரும் ‘டெசர்ட்டராகக் கருதப்படுபவர்’ என்பதற்கு இன்னும் சொல் இல்லை. ‘படையைக் கைவிட்டவராகக் கருதப்படுபவர்’ என்று தலைப்பில் போட்டால் இரண்டு வரி ஆகிறது.