குடும்ப குரூப்: கார்த்தி மியூனிக்ல வேலைக்கு சேர்ந்த ரெண்டாவது வாரம்

கார்த்தி: எல்லாரும் முழிச்சிருக்கீங்களா, எனக்கு ராத்திரியில இருந்து ஜுரம் இருமல், புது ஆபீஸ், இன்னைக்கு வியாழன், ஒரு மாத்திரை போட்டுட்டு போய் முகத்த காட்டிட்டு வந்துடலாமான்னு பாக்குறேன்

ராமு மாமா: போயிடு தம்பி. ப்ரொபேஷன்ல லீவ் போட்டா பேரு கெட்டுடும், அங்க ஆறு மாசம் வரைக்கும் ரெண்டு வாரம் நோட்டீஸ்ல அனுப்பிடலாம்

சித்ரா அக்கா: மாமா நோட்டீஸ் விஷயம் சரிதான், ஆனா இருமிக்கிட்டே போனா இங்க யாரும் மெச்ச மாட்டாங்க, பக்கத்து சீட்காரன் ஏன் வந்தேன்னு மூஞ்சிக்கு நேராவே கேப்பான். கார்த்தி, வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மேனேஜருக்கு சொல்லிடு

கார்த்தி: என்னன்னு எழுதணும் அக்கா? வயிறும் சரியில்ல அதையும் சொல்லவா

சித்ரா அக்கா: ஐயோ வேணாம்டா 😄 என்ன நோவுன்னு சொல்லவே தேவையில்ல. உடம்பு சரியில்ல, இன்னைக்கும் நாளைக்கும் வர முடியாதுன்னு நினைக்கிறேன், பதினோரு மணி மீட்டிங்க வேற யாராவது பாத்துக்க முடியுமான்னு மூணு வரி போதும்

சுதா சித்தி: அப்போ அடுத்த மாசம் கல்யாணத்துக்கும் இப்படியே உடம்பு சரியில்லன்னு போட்டுட்டு வந்துடுடா

சித்ரா அக்கா: சித்தி!! அது பொய், மாட்டினா வேலையே போயிடும். கல்யாணத்துக்கு இப்பவே லீவ் கேக்கட்டும்

ராமு மாமா: டாக்டர் சர்டிபிகேட் மூணு நாளுக்கு அப்புறம்தானே, எனக்கு தெரியும்

சித்ரா அக்கா: சட்டத்துல அப்படித்தான், மூணு நாளைக்கு மேல போனா வேணும், ஆனா சனி ஞாயிறும் அதுல சேரும், அதனால திங்களும் படுத்திருந்தா திங்களே சர்டிபிகேட் இருக்கணும். சில கம்பெனி முதல் நாளே கேப்பாங்க, கான்ட்ராக்ட்ட பாரு. அரசு இன்சூரன்ஸ்னா டாக்டரே ஆன்லைன்ல அனுப்பிடுவாரு, 2023ல இருந்து அப்படித்தான், பேப்பர் கொண்டு போக வேணாம், பிரைவேட்னா நீயே கொடுக்கணும்

கார்த்தி: கான்ட்ராக்ட்ல முதல் நாள்னுதான் இருக்கு 😬 சம்பளம் பிடிப்பாங்களா

சித்ரா அக்கா: முதல் நாலு வாரத்துக்கு கம்பெனி தர வேண்டிய கட்டாயம் இல்ல, அந்த சமயத்துல இன்சூரன்ஸ் பக்கம் இருந்து கொஞ்சம் குறைவா வரும். அதனால சர்டிபிகேட் இன்னைக்கே வாங்கிடு, இல்லன்னா அதுவும் வராது

ராமு மாமா: வீட்ல இருந்தே நாலு மெயிலுக்கு பதில் போட்டா நல்ல பேரு வரும்ல

சித்ரா அக்கா: உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு மெயில் போட்டா நிஜமாவே சரியில்லையான்னுதான் யோசிப்பாங்க. லேப்டாப்ப மூடிடு

கார்த்தி: மேனேஜருக்கு போன் பண்ணவா மெயிலா?

சித்ரா அக்கா: டீமுக்கு டீம் மாறும். என் பழைய மேனேஜர் போன்தான் வேணும்னாரு, இப்ப இருக்கவரு சாட்ல போட்டாலே போதும்ங்கறாரு. கூட வேலை பாக்குறவங்கள்ல யாரையாவது கேளு

கார்த்தி: ரெண்டும் பண்ணிட்டேன், அவரு போன எடுக்கல

சுதா சித்தி: கல்யாணத்துக்கு வருவியா இல்லையா அத சொல்லு