பக்கம் குலைந்து வருவதற்கு என்ன சொல்?

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பவர்

எல்லோருக்கும் வணக்கம். மும்மொழித் தளம் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் தடுக்கி நிற்கிறேன். முதலாவது, நிறம், ஒழுங்கு எதுவும் இல்லாமல் பட்டியல் எல்லாம் நீல இணைப்புகளாக ஒன்றின்கீழ் ஒன்றாய் இறங்கி, படங்கள் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும் நிலை. இரண்டாவது, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் ‘ஸ்டேல் கேஷ்’, அதாவது உலாவி முன்பே சேமித்துவைத்த பழைய கோப்புகள். பக்கத்தின் நிரல் தடைபட்டாலும் இப்படி வரலாம் என்கிறார்கள், அதற்கும் தனிச்சொல் தேவையா தெரியவில்லை.

இப்போதைக்கு ‘பக்கச் சிதைவு’, ‘காலாவதியான பதுக்கு’ என்று போட்டிருக்கிறேன். ‘பதுக்கு நினைவகம்’ நம் பாடசாலைப் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பதால் அதைத் தொடர்ந்தேன். ஆனால் ‘சிதைவு’ எனக்கு உறுத்துகிறது. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய ஒரு பிள்ளை அதை வாசித்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிட்டதென்று பயந்துபோகும். அழிவு எதுவும் இல்லையே, தோற்றம்தானே போனது?

மருதானை, ஆசிரியர்

‘சிதைவு’ வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ‘காலாவதி’யை மட்டும் விடாதீர்கள். பால் பக்கற்றில் திகதி இருப்பதுபோல உலாவி சேமித்த கோப்புக்கும் ஒரு திகதி உண்டு. திகதி கடந்தும் அதையே எடுத்துப் பரிமாறுவதால்தான் இந்தக் கோலம். மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

இன்னொன்று. நிரல் தடைபட்டதென்று தனியாக ஒரு சொல் தேவையில்லை என்பது என் எண்ணம். எங்கள் ஆய்வுகூடத்தில் இப்படி வந்தபோதெல்லாம் மறைநிலைச் சாளரத்தில் திறந்தால் பக்கம் சரியாக வந்தது. ஆகவே காரணம் எப்போதும் பதுக்குத்தான்.

தெகிவளை, வழங்கி பராமரிப்பவர்

சேர், திகதி உண்டு என்பது சரி. ஆனால் நடப்பது நீங்கள் சொன்னதற்கு நேர்மாறு, அதனால்தான் ‘காலாவதி’ இங்கே பொருந்தாது என்கிறேன். நான் பார்க்கும் ஒரு நூலகத் தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்தின் நிறத்தையும் ஒழுங்கையும் தீர்மானிக்கும் அதன் நடைத்தாள் `style.css`. வழங்கி அதை இப்படி அனுப்பிக்கொண்டிருந்தது:

```
Cache-Control: public, max-age=31536000
```

அந்த எண் நொடிகளில் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்துக்கு உலாவி வழங்கியிடம் எதையும் கேட்காது, தன்னிடம் உள்ள பிரதியையே பாவிக்கும். தளத்தைப் புதுப்பித்தபோது பக்கத்தில் பட்டியலின் வகுப்புப் பெயர்களை மாற்றினார்கள், நடைத்தாளையும் மாற்றினார்கள், கோப்பின் பெயரை மட்டும் அப்படியே விட்டார்கள். முன்பு வந்துபோனவர்களுக்குப் பக்கம் புதிது, நடைத்தாள் பழையது. புதிய பெயர்களுக்கு அதில் விதியே இல்லை, பட்டியல் குலைந்தது. முதன்முறை வந்தவர்களுக்கு எல்லாம் அழகாகத் தெரிந்தது. அதனால் அலுவலகத்தில் ஒருவர் ‘எனக்குச் சரியாக வருகிறதே’ என்று சொல்ல, முறைப்பாடு கிடப்பில் போனது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பிரதி உண்மையிலேயே காலாவதி ஆகியிருந்தால், உலாவி ‘இது மாறிவிட்டதா’ என்று வழங்கியைக் கேட்டிருக்கும். மாறவில்லை என்றால் 304 என்ற விடை, மாறியிருந்தால் புதிய கோப்பு. குலைவே வந்திருக்காது. காலாவதி ஆகாததுதான் இங்கே பிரச்சினை. எச்.டி.டி.பி. விதிகளில் ‘ஸ்டேல்’ என்றால் காலம் கடந்தது. சாதாரணப் பேச்சில் அதே சொல்லை, காலம் கடக்காமலே உள்ளடக்கத்தால் பின்தங்கிய பிரதிக்கும் பாவிக்கிறார்கள். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்வோம். விதிகளில் வருவதற்குக் ‘காலாவதி’ இருக்கட்டும். இதற்குப் ‘பழம்பிரதி’ என்கிறேன்.

மறைநிலைச் சாளரம் பற்றியும் ஒரு வார்த்தை. அது வெறுமையான பதுக்கோடு தொடங்கும். அதே நேரம் நீட்சிகளும் அங்கே வழமையாக இயங்காது. விளம்பரத் தடுப்பி ஒரு நிரலை மறித்திருந்தாலும் அங்கே சரியாகிவிடும். ஆகவே அந்தச் சோதனை இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டாது, சேர்.

அதே நூலகத் தளத்தில் அறிவித்தல் படங்களை ஏற்றும் நிரல் `ads` என்ற கோப்புறையில் இருந்தது. தடுப்பி அந்தப் பெயரைக் கண்டு மறித்தது. நிறமும் ஒழுங்கும் சரி, படங்கள் மட்டும் இல்லை. அங்கே பதுக்கை எத்தனை முறை வெறுமையாக்கினாலும் பலன் இல்லை. பிரித்தறிய F12 அழுத்தி Network பகுதியைத் திறந்து பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். நடைத்தாளுக்கு நேரே `(disk cache)` என்றிருந்தால் பழம்பிரதியைச் சந்தேகிக்கலாம். Console பகுதியில் `net::ERR_BLOCKED_BY_CLIENT` என்றால் மறித்தது உங்கள் உலாவிக்குள்ளேயே இருக்கும் ஏதோவொன்று.

கொட்டாஞ்சேனை, அச்சகம்

எங்களுக்கும் இதே பிரச்சினை தம்பி. பழைய கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற இடத்தில் `jkpo;` என்று வருகிறது. Ctrl+F5 அடித்துப் பார்த்தோம், மாறவில்லை. இதற்கும் பழம்பிரதி என்று சொல்லலாமா?

தெகிவளை

இல்லை அண்ணை, அது வேறு. அது பாமினியில் தட்டச்சு செய்த கோப்பு, உள்ளே இருப்பதே ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாததால் உள்ளது உள்ளபடி தெரிகிறது. பாமினியை நிறுவினால் வாசிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றிவைப்பதுதான் நிரந்தர வழி. பழைய செய்தித்தளம் ஒன்று பாமினி எழுத்துருவைத் தானே அனுப்பி, அது வழியில் தடைபட்டால் மட்டும் உங்கள் விடயமும் எங்கள் விடயமும் ஒன்றாகும்.

வெள்ளவத்தை, தொடர்பாடல் நிலையம் நடத்துபவர்

விண்ணப்பம் அச்செடுக்க வரும் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று சொல்லவா? ‘அண்ணை, பேஜ் குழம்பிப்போச்சு.’ குலைவு, சிதைவு எதுவும் இல்லை, குழம்பிப்போச்சுதான். ‘பக்கக் குழப்பம்’ என்று வைத்தால் எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கும்.

பதுக்கை அழியுங்கள் என்று பொதுவாக எழுதிவைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குரோமில் பதுக்கை அழிக்கும் பெட்டியில் குக்கீகளுக்கும் சரி அடையாளம் இருக்கும். ஒரு பெடியன் அப்படியே அழுத்திவிட்டு எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியே விழுந்து, கடவுச்சொல் தெரியாமல் நின்றான்.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பவர்

அந்த எச்சரிக்கைக்கு நன்றி அண்ணை, வரிசையையே மாற்றுகிறேன். முதலில் Ctrl+Shift+R, அது அந்தப் பக்கத்தின் கோப்புகளை மட்டும் புதிதாகக் கேட்கும். குரோமில் வெறும் F5 நடைத்தாளைப் பெரும்பாலும் பழையபடி பதுக்கிலிருந்தே எடுக்கும் என்பதால் அதை எழுதவில்லை.

‘குழப்பம்’ பேச்சில் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘பக்கக் குழப்பம்’ என்றால் வாசிப்பவர் குழம்பியதாகவும் எடுக்கலாம். ‘குலைவு’ பக்கத்தின் ஒழுங்கை மட்டும் குறிக்கிறது. வரைவு இது: ‘பக்கம் குலைந்து தெரிகிறதா? Ctrl+Shift+R அழுத்துங்கள். உலாவியில் உள்ள பழம்பிரதிகள் விலகிப் புதியவை வரும். அப்போதும் படங்கள் வராவிட்டால் விளம்பரத் தடுப்பியை இந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்.’

மருதானை, ஆசிரியர்

‘காலாவதி’யை விட்டுவிடுகிறேன், விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘பழம்பிரதி’ என்றதும் ஏட்டுச்சுவடிதான் என் நினைவுக்கு வருகிறது. ‘பின்தங்கிய பிரதி’ நீளம்தான், தப்பாக விளங்காது. ‘பதுக்கு’ பற்றியும் கேட்க வேண்டும். அரிசியைப் பதுக்கியவன் என்ற பொருளோடு வளர்ந்த சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ‘தேக்ககம்’ என்று மாற்ற யாருக்காவது உடன்பாடா?

தெகிவளை

‘பின்தங்கிய பிரதி’க்குச் சம்மதம். ‘தேக்ககம்’ எனக்கும் பிடிக்கும் சேர், ஆனால் பாடநூலில் ஒன்றும் தளத்தில் இன்னொன்றுமாக இருந்தால் பரீட்சை எழுதும் பிள்ளைக்குத்தான் சிரமம். பாடநூல் மாறும்வரை ‘பதுக்கு’ இருக்கட்டும். மொழிபெயர்ப்பவரிடம் ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் Ctrl விசை இல்லை. அங்கே வாசிப்பவருக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?