வாடகைக்குக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலை திரும்பிவிட்டது: அன்றிரவே பணம் வந்தும் ஏன்?

விளக்குத்தூண் ஜவுளிக்கடை:
வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறேன். கடந்த ஜூலையில் ஒப்பந்தம் எழுதியபோது, ஆகஸ்ட் முதல் ஜூன் வரைக்குமான வாடகைக்கு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி இட்டுப் பதினொரு காசோலைகளைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றும் 18,000 ரூபாய். முதல் நான்கும் சிக்கலின்றிப் போயின. டிசம்பர் 5ஆம் தேதியிட்ட ஐந்தாவது காசோலை திரும்பிவிட்டது.

அன்று காலை என் கணக்கில் 11,240 ரூபாய் இருந்தது. காரைக்குடி வாடிக்கையாளர் கொடுத்த 32,500 ரூபாய்க் காசோலையை நண்பகலில் என் வங்கியில் போட்டேன். இரவுக்குள் அது வரவாகிவிடும், வாடகைக் காசோலை மறுநாள்தானே கழியும் என்று நம்பியிருந்தேன். பிற்பகலிலேயே கைபேசிக்குச் செய்தி வந்தது. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் 18,000 ஒரு வரியில் பற்றாகவும் அடுத்த வரியில் வரவாகவும் இருக்கிறது. இரண்டாவது வரியில் `CHQ RTN 000412 FUNDS INSUFFICIENT` என்று உள்ளது. அதன் கீழே 590 ரூபாய் கட்டணம். இரவு எட்டு மணிக்கு 32,500 வரவானதும் உரிமையாளருக்கு யுபிஐ மூலம் 18,000 அனுப்பிவிட்டேன். காசோலையைத் திருப்பிக் கேட்க என் வங்கிக்குப் போனால், தங்களிடம் அது வரவேயில்லை என்கிறார்கள். அப்படியானால் அது எங்கே இருக்கிறது? மறுபடி வங்கியில் போட்டுவிடுவார்களா? ஜனவரியில் ஓவர்டிராஃப்டுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்கு இது தடையாகுமா?

மேலூர் வாசகர்:
அண்ணன், செக் திரும்பினால் நேரே செக் மோசடி வழக்குத்தான். மீதமுள்ள ஆறு காசோலைகளுக்கும் உடனே ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்களே நிறுத்திவிட்டால் பணமில்லாமல் திரும்பியதாக ஆகாது. யாரும் வழக்குப் போட முடியாது. காசோலைக்கு ஆறு மாதம் ஆயுள் உண்டு, ஆகையால் தாமதிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர்:
முப்பது ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேட்டவர் செய்த பிழை ஒன்றே ஒன்று: பழைய முறைப்படி நாட்களை எண்ணியது. முன்பெல்லாம் உரிமையாளர் இன்று போடும் காசோலை மாலையில் மற்றவற்றோடு தொகுதியாகப் போய், மறுநாள்தான் உங்கள் கணக்கில் கழியும். அந்த ஒரு நாள் அவகாசத்தை நம்பித்தான் பஜாரில் பலரும் பணத்தைச் சுழற்றி வந்தோம். 2025 அக்டோபர் 4 முதல் அந்த அவகாசம் இல்லை. பகல் வேலை நேரத்தில் காசோலையின் படம் எடுக்க எடுக்க உடனுக்குடன் உங்கள் வங்கிக்குப் போய்விடுகிறது. அவர்கள் அன்று மாலை ஏழு மணிக்குள் ஏற்பதா, திருப்புவதா என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். உங்கள் வங்கி அதைப் பார்த்த பிற்பகல் நேரத்தில் கணக்கில் இருந்தது 11,240 மட்டுமே. இரவு எட்டு மணிக்கு வந்த பணம் அதைக் காப்பாற்றாது. ஆகஸ்டும் செப்டம்பரும் பழைய முறையில் போனவை. அதற்குப் பிந்தைய இரண்டும் போனதற்குக் காரணம், அந்த நாட்களில் இருப்பு இருந்ததுதான். இனி 5ஆம் தேதிக்கான பணம் 4ஆம் தேதி இரவே கணக்கில் இருக்கட்டும்.

காசோலைத் தாள் உங்கள் வங்கிக்கு வருவதே இல்லை. படம் மட்டும்தான் வரும். தாள் உரிமையாளரின் வங்கியிலேயே இருந்து, திரும்பியதும், காரணம் எழுதிய ரிட்டர்ன் மெமோவுடன் அவரிடம் கொடுக்கப்படும். ஆகவே அது இப்போது அவர் கையில் இருக்கும், அல்லது அவர் வங்கியில் வாங்கப்படாமல் கிடக்கும். தேதியிலிருந்து மூன்று மாதம், அதாவது மார்ச் முதல் வாரம் வரை, அவர் அதை மறுபடி போடலாம். ஆறு மாதம் என்பது 2012 ஏப்ரலுக்கு முந்தைய விதி.

மேலூர் நண்பர் சொன்னதில் பாதி சரி. 412 என்ற அந்த ஒரு காசோலைக்கு மட்டும், வாடகை செலுத்தப்பட்டுவிட்டது என்று காரணம் எழுதி நிறுத்தக் கடிதம் கொடுப்பது நல்லது. மற்ற ஆறையும் நிறுத்தினால், வாடகை பாக்கி இருக்கும் மாதத்தில் நீங்களே மறுத்ததாக ஆகும். நிறுத்தித் திருப்பினாலும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. அந்தப் பிரிவும் உடனே பாய்வதில்லை. திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உரிமையாளர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால்தான் குற்றம். நீங்கள் அன்றிரவே கொடுத்துவிட்டீர்கள். ஒன்று கேட்கிறேன்: யுபிஐ அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுதினீர்கள்?

விளக்குத்தூண் ஜவுளிக்கடை:
ஐயா, பதற்றத்தில் குறிப்பு எதுவும் எழுதவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர்:
அப்படியானால் இன்றே வாட்ஸ்அப்பில், "5-12-2025 தேதியிட்ட 000412 எண் காசோலைக்குரிய டிசம்பர் வாடகை 18,000 ரூபாய் அன்றிரவே யுபிஐ மூலம் செலுத்தப்பட்டது, காசோலையைத் திருப்பித் தர வேண்டுகிறேன்" என்று அனுப்பி, பரிவர்த்தனைப் படத்தையும் சேர்த்து விடுங்கள். "சரி" என்று அவர் ஒரு வார்த்தை போட்டாலும் அது உங்களுக்குச் சான்று. ஓவர்டிராஃப்டைப் பொறுத்தவரை, வாடகைக் காசோலை திரும்பியது சிபிலுக்குப் போகாது. கடன் தவணைக்குக் கொடுத்த காசோலை திரும்பித் தவணை நிலுவையானால்தான் அங்கே தெரியும். ஆனால் கடன் கொடுக்கும் அதிகாரி கணக்கு அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். அந்த வரி அவர் கண்ணில் படும். ஒரே ஒரு முறை, அன்றே செலுத்தியதற்கான சான்று கையில் உண்டு என்றால் விளக்கிவிடலாம். ஒரே ஆண்டில் மூன்று நான்கு வரிகள் என்றால் விளக்கம் எடுபடாது.

உசிலம்பட்டி வாசகி:
என் கதையும் இதே போன்றதுதான் ஐயா. தனியார் ஒருவரிடம் ஒரு லட்சம் வாங்கி, தொகையோ தேதியோ எழுதாமல் கையெழுத்து மட்டும் இட்டு ஒரு காசோலை கொடுத்தேன். நாற்பதாயிரம் திருப்பிக் கொடுத்த பிறகும் முழு ஒரு லட்சத்துக்கும் எழுதி வங்கியில் போட்டார், அது திரும்பிவிட்டது. வெற்றுக் காசோலை செல்லாது என்கிறார்களே?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர்:
அம்மா, உங்களுடையது வேறு வகை. கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வாங்கியவர் நிரப்பினாலும் செல்லும் என்பதே நீதிமன்றங்களின் நிலை. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். உங்களுக்குச் சாதகமானது வேறொன்று. காசோலை போடும் முன்பே ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தும், அதைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால், அன்றைய நிலவரப்படி அது உண்மையான கடன் தொகை ஆகாது, 138 பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நாற்பதாயிரம் கொடுத்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். வங்கி வழியாகவா, கையிலா?

உசிலம்பட்டி வாசகி:
பதினைந்தாயிரம் வங்கி வழியாக. மீதி கையில், ரசீது வாங்கவில்லை.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணாநகர்:
அந்தப் பதினைந்தாயிரத்தின் வங்கிப் பதிவோடு, இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நோட்டீஸ் வந்துவிட்டதென்றால் 15 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

விளக்குத்தூண் ஜவுளிக்கடை:
ஐயா சொன்னபடி செய்தியை அனுப்பினேன். உரிமையாளர் ரிட்டர்ன் மெமோவைப் படம் எடுத்து அனுப்பினார். தன் வங்கி பிடித்த 118 ரூபாயையும் நான் தர வேண்டும் என்கிறார்; ஒப்பந்தத்தில் அதுபற்றி ஒன்றும் இல்லை என்றாலும், தவறு என் பக்கம் என்பதால் கொடுத்துவிட்டேன். என் வங்கியில் 590ஐத் திருப்பிக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. காசோலையை மட்டும் அவர் இன்னும் தரவில்லை. ஜனவரி வாடகை கழிந்ததும் தருவதாகச் சொல்கிறார். நாளைக் காலை 412க்கு நிறுத்தக் கடிதம் கொடுக்கப் போகிறேன்.