மினிமம் டியூ கட்டியும் 3,432 ரூபாய் வட்டியா? கணக்கு புரியல

புதுகார்டு: மே 15 அன்று கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கினேன். ஜூன் 10 ஸ்டேட்மென்ட்டில் மினிமம் டியூ 2,000. கடைசி நாளான ஜூன் 30 அன்று அதைக் கட்டிவிட்டேன். நடுவில் ஜூன் 14 அன்று மளிகை, துணி என்று இன்னொரு 10,000. ஜூலை 10 பில்லில் வட்டி 2,908.93, ஜிஎஸ்டி 523.61 என்று வந்திருக்கு. மாதம் 3.5% தானே? 38,000-க்கு 1,330 தானே வரணும்?

கரையோரம்: மீதி 38,000-க்குத்தான் வட்டி. லேட் ஃபீயைச் சேர்த்துப் போட்டிருப்பாங்க, கஸ்டமர் கேருக்கு அடிங்க.

நாள்வட்டி: லேட் ஃபீ இல்லை, மினிமம் நேரத்துக்குக் கட்டியாச்சே. முழுத் தொகையும் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலமே ரத்தாகிவிடும். வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்து ஓடும், ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து இல்லை. வருடத்துக்கு 42% என்று வைத்துப் பாருங்கள்:

```
40000 × 46 × 0.42 / 365 = 2117.26
38000 × 11 × 0.42 / 365 =  480.99
10000 × 27 × 0.42 / 365 =  310.68
```

முதல் வரி மே 15 முதல் ஜூன் 29 வரை. 2,000 கட்டும்வரை முழு 40,000-க்கும் வட்டி உண்டு, பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அடுத்தது ஜூன் 30 முதல் ஜூலை 10 வரை. மூன்றாவது உங்கள் மளிகை, துணி: பழைய பாக்கி நிற்பதால் புதுச் செலவுக்கும் முதல் நாளே வட்டி. கூட்டினால் 2,908.93, அதில் 18% ஜிஎஸ்டி. பில் சரிதான்.

மழைக்காலம்: நான் ஏடிஎம்-ல 5,000 எடுத்தேன், முழு பில்லும் கட்டினேன், அப்பவும் வட்டி வந்துச்சே?

நாள்வட்டி: அது வேற கதை. ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலமே கிடையாது, தனி இழை போடுங்க.

புதுகார்டு: சரி, இந்த 51,432.54-ஐ ஜூலை 30-க்குக் கட்டினால் முடிஞ்சதா?

நாள்வட்டி: முடியாது. 48,000 அசலுக்கு நாளொன்றுக்கு 55 ரூபாய், ஜிஎஸ்டியோடு 65. ஜூலை 11 முதல் 29 வரை 19 நாள், ஏறக்குறைய 1,240 ரூபாய் ஆகஸ்ட் பில்லில் வரும். கடைசித் தேதிக்குக் காத்திருக்காமல் கையில் இருப்பதை இன்றைக்கே கட்டுங்கள். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காதீர்கள். ஆகஸ்ட் பில்லில் சின்னத் தொகை வந்தால் "முழுசாக் கட்டினேனே" என்று விட்டுவிடாதீர்கள், அதையும் முழுசாகக் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் திரும்பும்.

கரையோரம்: நான் சொன்னது தப்பு, சரி. ஆனா முதல் தடவைன்னு கேட்டா வட்டியைத் திருப்பித் தருவாங்களே?

நாள்வட்டி: சிலருக்குக் கிடைக்கும், அது வங்கியின் மனசு. கேட்பதில் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் பதிலுக்காகப் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டால் நாளுக்கு 65 போகும்.

புதுகார்டு: 30,000 இப்போ கட்டிட்டேன். மீதியை இ.எம்.ஐ. ஆக்கலாமா?

மழைக்காலம்: ப்ராசஸிங் ஃபீ எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. அதுக்கும் வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு.