கதை முடிவில் மாட்டிக்கொண்டேன், கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன், காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பை ஒட்டிய மைதானத்தில் நடக்கிறது. பதினைந்து வயதுப் பையன், அணியில் இடம் கிடைக்கவில்லை. அணி கோப்பையோடு எடுத்த குரூப் போட்டோவில் தன் படத்தை மொபைலிலேயே வெட்டி ஒட்டி, ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பிவிடுகிறான். அவர் அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வைக்க, அணிப் பையன்கள் கண்ணிலும் படுகிறது.

மாட்டுவது நிழலால். போட்டோ சாயங்காலம் எடுத்தது, எல்லார் நிழலும் ஆளைவிட நீளமாக ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இவன் படம் மொட்டை மாடியில் உச்சிவெயிலில் எடுத்தது, மூக்குக்குக் கீழே மட்டும் கறுப்பு, காலடியில் நிழலே இல்லை. இதுவரை சரி.

அப்புறம்தான் சிக்கல். அவன் தன்னை ஒட்டிய ஓரத்தில் ஏற்கெனவே ஸ்கோர் எழுதுகிற சின்னப் பையன் நின்றிருந்தான், நோட்டின் ஒரு முனை மட்டும் இன்னும் இவன் முழங்கைக்குப் பின்னால் தெரிகிறது. கேலியைவிட இதுதான் இவனை அறுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சின்னவன் நேரில் வந்து கேட்கட்டுமா, இல்லை ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேட்சுக்கும் நோட்டோடு வந்து உட்காரட்டுமா? நீங்களாக இருந்தால் எப்படி முடிப்பீர்கள்?